பொங்கல் காலையில் பானை கிடையாது

செல்லக்கண்ணுவுக்குக் கோபம் வந்தால் முதலில் கைதான் வேலை செய்யும், வாய் அப்புறம்தான். பொங்கலுக்கு ஏழு நாள் இருக்கும்போது, சிங்கப்பூர்த் தேக்கா சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் தன் பூ, வெற்றிலைக் கடை வாசலில் நின்று, ஹரிசன் நீட்டிய கைபேசியை வாங்கிப் படித்தாள். படித்து முடித்ததும் அதை அவன் சட்டைப் பையில் தானே செருகினாள். பிறகு ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த கரும்புக் கட்டு ஒன்றை அவிழ்த்து, மறுபடியும் இறுக்கிக் கட்டினாள். அந்தக் கட்டு ஏற்கெனவே நன்றாகத்தான் இருந்தது.

ஹரிசனுக்கு இது புரியவில்லை. முப்பத்தைந்து வயது, மூன்று லாரி, கையில் எப்போதும் சார்ஜர். அந்தத் தெருவில் எட்டுக் கடைகளுக்கு இணையத்தில் விளம்பரம் போட்டு, ஆர்டர் வாங்கி, வீட்டுக்கு வீடு கொண்டு சேர்ப்பது அவன் தொழில். படத்துக்குக் கீழே போடும் நாலு வரிக்குக் கேப்ஷன் என்பான். அந்த நாலு வரிதான் பொங்கலுக்குப் பாதி வியாபாரம் என்றும் சொல்வான். அது பொய்யில்லை. கரும்பு மூன்று நாளில் தோகை வாடிவிடும் சரக்கு. பொங்கல் முடிந்த மறுநாள் பானையை ஏனென்று கேட்க ஆள் இருக்காது. விற்க வேண்டியதை அந்த ஒரு வாரத்தில் விற்றாக வேண்டும். அவள் கடையில் இருநூறு பானை வந்து இறங்கியிருந்தது.

அவன் எழுதிக்கொண்டு வந்த கேப்ஷனில் மற்றதெல்லாம் சரி. மூன்று விதக் கட்டு, மூன்று விலை, டெலிவரி நேரம் எல்லாம் வரிசையாக இருந்தது. கடைசி வரியில்தான் வில்லங்கம். பொங்கல் காலை ஐந்து முதல் ஏழு வரை, எக்ஸ்பிரஸ் டெலிவரி, எல்லாக் கட்டுக்கும், பதினைந்து வெள்ளி.

"இந்த வரியை எடுத்துடு," என்றாள் செல்லக்கண்ணு.

ஹரிசன் சிரித்தான். நேற்றுச் சாயங்காலமே வெள்ளோட்டமாக ஃபாரத்தைத் திறந்து விட்டானாம், ஒரே ராத்திரியில் முப்பத்தொரு ஆர்டர், அதில் இருபத்துமூன்று பொங்கல் காலைக்குத்தானாம். பொங்கல் இங்கே லீவு நாளா என்ன, முதல் நாள் எல்லோரும் ஆபீசில் இருப்பார்கள், ஏழு மணிக்குமேல்தான் வீட்டுக்கு வருவார்கள், பானையை வாங்கி வைக்க யார் இருக்கிறார்கள் என்று அடுக்கினான். காலையில் மணி அடித்தால் எல்லாம் வாசலுக்கு வந்து நிற்க வேண்டும், ஜனங்களுக்கு வேண்டியது அதுதான் என்றான். தெருக்கோடிக் கடைக்காரர் காலை டெலிவரியை இலவசமாகவே கொடுக்கப் போகிறாராம்.

"கரும்பு போகட்டும். மஞ்சள் கொத்து போகட்டும். பானை போகக்கூடாது."

"ஏன் அக்கா? போன வருஷம் போச்சே லா."

போனதுதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

புதுப் பானையை வாங்கியவுடன் அடுப்பில் ஏற்றக் கூடாது. ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் மூழ்கவைத்து, அது வேண்டிய மட்டும் குடித்த பிறகு, துடைத்து, மிதமான தீயில் வைக்க வேண்டும். காய்ந்த பானையைக் காலை ஐந்தரைக்கு வாங்கி ஆறு மணிக்கு முழுத் தீயில் வைத்துப் பாலை ஊற்றினால் அது விரிசல் விட்டுத்தான் தீரும். பொங்குகிற நேரம் பார்த்துத்தான் பிளக்கும். இது செல்லக்கண்ணுவுக்குத் தெரியாத விஷயமா? இருபத்திரண்டு வருடமாகப் பானை விற்கிறாள். விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினால் கணீரென்கிறதா, ஓட்டைச் சத்தம் வருகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். தெரிந்தும் போன வருடம் ஹரிசனின் பேச்சைக் கேட்டு, ஆசைப்பட்டு, காலையில் முப்பது பானை அனுப்பினாள். ஏழு உடைந்தது.

ஆறு வீட்டார் போன் போட்டுக் கத்தினார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, அதோடு முடிந்தது. ஏழாவது வீட்டிலிருந்து போன் வரவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். இருபத்தேழு வயது இருக்கும், கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. பெயர் ரக்ஷனா என்றாள். சுவா சூ காங்கில் புகுந்த வீடு. கல்யாணம் ஆகி அதுதான் தலைப்பொங்கல். பால் பொங்கி வரும்போது பானை இரண்டாகப் பிளந்து, பால் வழிந்து, காஸ் அடுப்பே அணைந்துபோனதாம். அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் மாமனாருக்கு முட்டியில் ஆபரேஷன் என்றார்கள். அதற்கடுத்த வாரம் அவள் கணவன் அகிலனுக்கு வேலை போனது. அப்போதிலிருந்து மாமியார் அவளை அடுப்பில் எதையும் முதலில் ஏற்ற விடுவதில்லை. அவள் கை ராசியில்லாத கையாம்.

அந்தப் பெண் சண்டை போட வரவில்லை. பணமும் கேட்கவில்லை. "ஆன்ட்டி, பானையில ஏதாச்சும் குறை இருந்துச்சா? இல்ல, நிஜமாவே என்னாலயா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்போது கடையில் நாலு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். உண்மையைச் சொன்னால் கடைப் பெயர் கெடும் என்று செல்லக்கண்ணுவுக்குத் தோன்றிவிட்டது. சில பானை அப்படித்தான்மா, நாம என்ன பண்ண முடியும் என்று மழுப்பிவிட்டு, ஒரு முழம் மல்லிகையைச் சும்மா கொடுத்து அனுப்பினாள். பெண் பூவை வாங்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து செல்லக்கண்ணு எந்தப் பானையைத் தட்டினாலும் அந்தக் கேள்விதான் கேட்டது. ச்சீ, நானும் ஒரு மனுஷியா என்று எத்தனையோ தடவை தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

இதையெல்லாம் ஹரிசனிடம் விளக்கிக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. அந்த இருபத்துமூன்று பேர் யாரென்று காட்டச் சொன்னாள். அவன் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனான். பதினேழாவது பெயரில் அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். ரக்ஷனா, சுவா சூ காங், இரண்டாம் கட்டு, பானையோடு, பொங்கல் காலை ஐந்து முதல் ஏழு.

அந்தப் பெண் மறுபடியும் இதே கடைப் பானையை வாங்குகிறாள். மறுபடியும் காய்ந்த பானையை, அதே காலையில். செல்லக்கண்ணுவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. இந்த வருடமும் அது விரிசல் விட்டால், அந்த வீட்டில் அவள் தலை நிமிர முடியுமா? ஒரு தடவை உடைந்தால் பானை. இரண்டாவது தடவையும் உடைந்தால் அது அவள்தான் என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

"போனைக் குடு. நானே எழுதறேன்."

அவள் முக்காலியில் உட்கார்ந்து எழுதினாள். எழுத முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு பேர் வெற்றிலை கேட்டு வந்தார்கள், அவர்களை அவள் கணவன் வேலாயுதம் கவனித்துக்கொண்டான். எழுதி முடித்தது இது:

செல்லக்கண்ணு கடைக் கரும்பும் பானையும் வந்தாச்சு.

ஒண்ணாம் கட்டு, 18 வெள்ளி: தோகையோட முழுக் கரும்பு ஒரு ஜோடி, மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து, மாவிலை.

ரெண்டாம் கட்டு, 32 வெள்ளி: அது எல்லாமும், கூட மூடியோட மூணு லிட்டர் மண்பானை ஒண்ணு.

மூணாம் கட்டு, 50 வெள்ளி: கரும்பு ரெண்டு ஜோடி, மஞ்சள், இஞ்சி, மாவிலை, பானை ரெண்டு. வெண்பொங்கலுக்கு ஒண்ணு, சர்க்கரைப் பொங்கலுக்கு ஒண்ணு.

டெலிவரி 8 வெள்ளி. மூணாம் கட்டுக்கு இலவசம். கரும்பை வெட்டித் தர மாட்டோம். லிஃப்டுல சாய்ச்சுக் கொண்டு வந்துடுவோம், கவலை வேண்டாம்.

நேரம்: பொங்கலுக்கு முந்தின ரெண்டு நாளும் காலை 10–1, மத்தியானம் 2–5, சாயங்காலம் 6–9. வேலைக்குப் போறவங்க சாயங்காலத்தை எடுத்துக்குங்க.

பொங்கல் காலை 5–7: ஒண்ணாம் கட்டு மட்டும். பானை கிடையாது. எவ்வளவு குடுத்தாலும் கிடையாது. பானை ஒரு ராத்திரி தண்ணியில ஊறணும். அப்புறம் துடைச்சு, சின்னத் தீயில ஆரம்பிக்கணும். காஸ் அடுப்புல மட்டும். இண்டக்ஷன்ல வேலை செய்யாது.

போன வருஷம் பொங்கல் காலையில நாங்க அனுப்பின பானையில ஏழு உடைஞ்சுது. ஊறவைக்க நேரம் இல்லாம அனுப்பினது நாங்க. ஊறவைக்கணும்னு சொல்லாததும் நாங்க. தப்பு கடையோடது. அந்த ஏழு வீட்டுல யாராவது ஒரு பொண்ணை ராசியில்லாதவன்னு சொல்லியிருந்தா, அதைத் திருப்பி வாங்கிக்குங்க. சொல்றதா இருந்தா என்னைச் சொல்லுங்க. செல்லக்கண்ணு.

ஹரிசன் படித்தான். முகம் வெளிறிப்போனது. யாராவது விளம்பரத்தில் தன் சரக்கு உடைந்தது என்று போடுவார்களா, இது விளம்பரமா வாக்குமூலமா, நான் இந்தத் தொழிலில் ஒன்பது வருடமாக இருக்கிறேன் என்று பொரிந்தான். கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துவிடலாம் அக்கா, பானை கிடையாது என்பதை வேண்டுமானால் வைத்துக்கொள்வோம் என்று கெஞ்சினான். வேலாயுதம் மனைவிக்கு எதிராக வாயைத் திறக்கிற ஆள் இல்லை. அவன்கூட வெற்றிலையைத் துடைத்தபடி, கொஞ்சம் யோசிச்சுக்க கண்ணு, இருநூறு பானை இருக்கு என்றான்.

"யோசிச்சேன். பதினோரு மாசமா யோசிச்சேன்," என்றாள் அவள். ஆள்காட்டி விரலால் பொத்தானை அழுத்திவிட்டாள்.

அப்புறம் நடந்ததைச் சொல்வானேன். சாயங்காலத்துக்குள் இருபத்துமூன்றில் பதினான்கு பேர் ஆர்டரை ரத்து செய்தார்கள். கேப்ஷனுக்குக் கீழே வந்து கிண்டல் செய்தவர்கள் ஒரு கூட்டம். ஆன்ட்டி சமையல் வகுப்பு எடுக்கிறார், ஃபீஸ் எவ்வளவு என்று ஒருவன். நாங்க கேட்டது பானை, புராணம் இல்லை என்று இன்னொருத்தி. தெருக்கோடிக் கடைக்காரர் தன் பங்குக்கு உடனே ஒரு படம் போட்டார். எங்கள் பானை உடையாது, பொங்கல் காலை வீட்டு வாசலில், இலவசம். அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் அவர் செல்லக்கண்ணுவைப் பார்த்து ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினார். அவளும் பதிலுக்குத் தலையாட்டிவிட்டு, மனசுக்குள் அவரை ஒரு பிடி பிடித்தாள்.

விஸ்வலிங்கம் என்று ஒருவர் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார். போன வருடம் உடைந்த ஏழில் ஒன்று அவர் வீட்டுப் பானையாம். அதனால் பயந்துபோய் மூன்று ஜோசியர்களைப் பார்த்தாராம், ஒருவர் சொன்னார் என்று படுக்கையைக்கூடத் திருப்பிப் போட்டாராம். ஜோசியர் செலவை நீங்கள் தர வேண்டும் என்று எழுதி, அதற்குக் கீழேயே மூன்றாம் கட்டு ஒன்று, முதல் நாள் சாயங்காலம், என்று ஆர்டரும் போட்டிருந்தார். செல்லக்கண்ணு அன்றைக்கு முழுவதும் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் மத்தியானம் ரக்ஷனா கூப்பிட்டாள். குரலை அடக்கிப் பேசினாள். ஆபீஸ் படிக்கட்டில் நின்று பேசுவதாகச் சொன்னாள்.

காலை நேரத்தை எடுத்துவிட்டீர்களே ஆன்ட்டி, எனக்கு மட்டும் எப்படியாவது அனுப்ப முடியுமா என்று கேட்டாள். ஏன் என்று செல்லக்கண்ணு கேட்டாள். ரக்ஷனா ஒவ்வொன்றாகச் சொன்னாள். இந்த வருடம் வீட்டில் மண்பானையே வேண்டாம் என்று மாமியார் வள்ளிநாயகி தீர்மானித்துவிட்டாராம். வெண்கலப் பானை, பொங்கல் வைப்பதும் அவரே. ரக்ஷனா தேங்காய் துருவிக் கொடுத்தால் போதுமாம். அதனால் விடியற்காலை எல்லோரும் எழுவதற்கு முன்னால் பானையை வாங்கி, அடுப்பில் ஏற்றி, அவர்கள் எழுந்து வரும்போது பொங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தாள். முதல் நாளே வந்தால் பானையைப் பார்த்துவிடுவார்கள், பார்த்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

செல்லக்கண்ணுவுக்கு இந்த இடத்தில்தான் நெஞ்சு கொஞ்சம் ஆட்டம் கண்டது. தானே பானையை வீட்டு வாளியில் ஊறவைத்து, விடியற்காலையில் துடைத்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடலாம். ஒருத்திக்குத்தானே, யாருக்குத் தெரியப் போகிறது? அப்படிக் கொடுத்தால் பொங்கலும் பொங்கிவிடும். ஆனால் பொங்கினால் என்ன ஆகும் என்று யோசித்தாள். போன வருடம் ராசியில்லை, இந்த வருடம் ராசி திரும்பிவிட்டது என்பார்கள். போன வருடத்துப் பழி அப்படியே அவள் தலையில்தான் இருக்கும். அடுத்த வருடம் வேறு ஏதாவது உடைந்தால் மறுபடியும் ஆரம்பிப்பார்கள்.

"ஒளிச்சு வாங்குற பொருள் இல்லம்மா அது," என்றாள். "முந்தின நாள் சாயங்காலம் நானே கொண்டு வரேன். உங்க அத்தை வீட்டுல இருக்கணும். நீயும் இருக்கணும். நான் எழுதினதை அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்றேன்."

எதிர்முனையில் யாரோ படிக்கட்டில் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. அது அடங்கியதும் ரக்ஷனா, ஆறு மணிக்கு வீட்டில் இருப்பேன், அரை நாள் லீவு போடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பொங்கலுக்கு முதல் நாள் மழை. மத்தியானம் மூன்று மணிக்கு லாரியில் சரக்கு ஏற்றினார்கள். கடைசியில் இறக்க வேண்டியதை முதலில் ஏற்ற வேண்டும். புக்கிட் பாத்தோக் பதினொன்று உள்ளே போனது, சுவா சூ காங் ஆறு வெளிப்பக்கம். கரும்பை நீளவாக்கில் படுக்கவைத்து, பானைகளை வைக்கோலில் பொதிந்து, ஒன்றோடொன்று உரசாமல் அட்டை வைத்தாள். கடைக்குள் இன்னும் அறுபது பானை விலை போகாமல் அடுக்கியிருந்தது. தெருக்கோடிக் கடையில் நாளைக் காலைக்கென்று நூற்றுச் சொச்சம் பானை வரிசையாகப் பொட்டலம் ஆகிக்கொண்டிருந்தது. ஹரிசன் இரண்டையும் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டான்.

"இன்னும் நேரம் இருக்கு அக்கா. இப்பக்கூடக் காலை ஸ்லாட்டைத் திறந்துவிட்டா அறுபதும் போயிடும்," என்றான்.

"அறுபதும் இங்கேயே கிடக்கட்டும். அடுத்த வருஷம் செடி நடுறேன்," என்று சொல்லிவிட்டு அவள் வேலாயுதத்தோடு லாரியில் முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

சுவா சூ காங்கில் மற்ற ஐந்தையும் கொடுத்து முடிக்க ஆறே முக்கால் ஆகிவிட்டது. ரக்ஷனாவின் வீடு பன்னிரண்டாவது மாடி. ஏழடிக் கரும்பு லிஃப்டில் நேராக நிற்காது, ஒரு மூலையில் அடியை ஊன்றி எதிர்மூலைக்குத் தோகையைச் சாய்க்க வேண்டும். வேலாயுதம் கரும்பைப் பிடித்துக்கொண்டான். ஒரு சீனக் கிழவர் பேரனோடு உள்ளே வந்து, தோகைக்குக் கீழே குனிந்தபடியே ஒன்பதாவது மாடிவரை சிரித்துக்கொண்டு வந்தார். பானை செல்லக்கண்ணுவின் இடுப்பில் இருந்தது. அதை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை.

கதவைத் திறந்தது வள்ளிநாயகி. அறுபது வயது, நெற்றி நிறையத் திருநீறு, கையில் கோல மாவு. கரும்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பானையைப் பார்த்ததும் சுருங்கியது.

"பானை யாரு கேட்டா? நாங்க வெண்கலத்துல வைக்கிறோம். திருப்பிக் கொண்டு போயிடுங்க."

"நான் கேட்டேன் அத்தை," என்றாள் ரக்ஷனா. அவள் மாமியாருக்குப் பின்னாலிருந்து வந்து, அவரைத் தாண்டி, வாசலுக்கு வெளியே நடைபாதையில் இறங்கி நின்றாள்.

வள்ளிநாயகி மருமகளோடு பேசவில்லை. செல்லக்கண்ணுவிடம்தான் பேசினார். கோபமாகக்கூட இல்லை, ரொம்ப நிதானமாகச் சொன்னார். போன வருடம் இந்த வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது, மண்பானை எங்களுக்கு ஒத்துவரவில்லை, சிலருக்குக் கை அப்படி, அதில் உங்களைக் குறை சொல்வதற்கில்லை என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் செல்லக்கண்ணுவுக்குப் பற்றிக்கொண்டது.

"என்னைத்தான் குறை சொல்லணும் அக்கா. அதுக்குத்தான் வந்திருக்கேன். ஒரு வாளி தண்ணி கொண்டு வரச் சொல்லுங்க."

யாரும் சொல்லாமலே ரக்ஷனா உள்ளே போய்த் துணி ஊறவைக்கிற பெரிய வாளியைக் கழுவி, நிறையத் தண்ணீர் பிடித்துத் தூக்கி வந்து, கதவுக்கு வெளியே வைத்தாள். செல்லக்கண்ணு பானையை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல அமிழ்த்தினாள்.

உஸ்ஸென்று சத்தம் வந்தது. மண்ணின் ஒவ்வொரு துளையிலிருந்தும் பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பியது. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, என்ன சத்தம் என்று கேட்டார். பானை குடித்துக்கொண்டே இருந்தது. வாளியில் தண்ணீர் மட்டம் கண்ணெதிரே ஒரு விரற்கடை இறங்கியது. செல்லக்கண்ணு ஒரு கிண்ணம் தண்ணீர் கேட்டு ஊற்றினாள். அப்போதும் குமிழி நிற்கவில்லை.

வள்ளிநாயகி கோல மாவுக் கிண்ணத்தைக் கதவோரம் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"போன வருஷம் இப்படி எதுவும் பண்ணலையே," என்றார்.

"பண்ணலை. அஞ்சே முக்காலுக்கு உங்க வாசல்ல வச்சுட்டுப் போனோம். இவ்வளவு காஞ்சு கிடக்கிற மண்ணை நேரா அடுப்புல ஏத்தினா அது என்ன செய்யும்? ஊறவைக்கணும்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லலை. அப்புறம் இந்தப் பொண்ணு கடைக்கு வந்து, என்னாலயா ஆன்ட்டின்னு கேட்டப்பவும் நான் சொல்லலை. என் கடைப் பேரு பெரிசாப் போச்சு அன்னைக்கு. உடைச்சது நான் அக்கா."

வள்ளிநாயகி மருமகளை நிமிர்ந்து பார்த்தார். கடைவரைக்கும் போய்க் கேட்டாயா என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. ரக்ஷனா குனிந்து வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பானைதான் அத்தை. நான் இல்ல. ஒரு வருஷமா நான் இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இப்பச் சொல்றேன். மாமா முட்டி என்னால இல்ல. உங்க மகன் வேலை போனது என்னால இல்ல. நாளைக்கு இதுல நான்தான் பொங்கல் வைக்கப் போறேன். உடைஞ்சாலும் நான்தான் வைப்பேன்."

மேலே எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. வேலாயுதம் கரும்பைச் சுவரில் சாய்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். வள்ளிநாயகி குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற வழக்கம் அந்த அம்மாளுக்கு இல்லை போலிருக்கிறது. கடைசியில் எத்தனை மணிவரைக்கும் ஊறணும் என்று கேட்டார்.

காலை ஐந்து மணிக்கு எடுத்துத் துடைத்து, ஈரம் காயவிட்டு, சின்னத் தீயில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுங்கள், சூடான பானையில் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள் என்று செல்லக்கண்ணு சொன்னாள். அதைச் சொல்லும்போது மாமியாரைப் பார்க்கவில்லை, ரக்ஷனாவைப் பார்த்தே சொன்னாள். ரக்ஷனா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"சரி, வாளியை உள்ள கொண்டு வந்து வை. நாலு பேர் போற வழி," என்றார் வள்ளிநாயகி.

"வேணாம் அத்தை. இங்கேயே இருக்கட்டும். நாலு பேரும் பார்க்கட்டும்."

வள்ளிநாயகி கோல மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, வாளிக்கு இந்தப் பக்கம் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து, புள்ளி வைக்க ஆரம்பித்தார். வாளி நிற்கிற இடத்தை விட்டுவிட்டு, அதைச் சுற்றித்தான் வைத்தார்.

கீழே கார்நிறுத்தத்தில் லாரி ஓட்டுநர் ஹார்ன் அடித்தார். செல்லக்கண்ணு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தாள். புக்கிட் பாத்தோக்கில் இறக்க வேண்டிய பானை இன்னும் பதினொன்று இருந்தது, எல்லாம் ஒன்பது மணிக்குள் தண்ணீருக்குள் போயாக வேண்டும்.